முதலில் அளவு நாடா, பிறகு வான்: சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வாகனத்தை எப்படித் தெரிவு செய்வது?

கிளிநொச்சியில் என் பெரியம்மா வீட்டு வேலியோடு ஓர் இரும்புத் தகடு சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கிட்டத்தட்ட ஏழடி நீளம். வழுக்காமல் இருக்க மேலே புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்கும் செக்கர் பிளேட். இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்தால்தான் அதைத் தூக்கலாம். இப்போது அதன் நிழலில் கோழிகள் படுத்திருக்கின்றன.

அந்தத் தகடு அக்காவுக்காகச் செய்தது. பெரியம்மாவின் மூத்த மகள். 2009 இல் மாத்தளனில் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டில் இருந்தபடி பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார். கைகளில் நல்ல பலம் இருக்கிறது. தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வீடு முழுக்கத் திரிவார். படலையைத் தாண்டினால்தான் பிரச்சினை தொடங்கும்.

பல வருடங்களாக யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போவது ஓட்டோவில்தான். பெரியம்மா ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கி, ஓட்டோவின் விளிம்பில் வைத்து, உள்ளே இழுத்துவிடுவார்கள். அப்படி இழுக்கும்போது தோல் ஓரிடத்திலும் எலும்பு இன்னோரிடத்திலும் நிற்கும். இடையில் இருக்கும் சதை கிழிபடும். உணர்வு இல்லாததால் அக்காவுக்கு அது தெரியாது. ஒருமுறை கிளினிக் போய் வந்து மூன்றாம் நாள் நாரிக்குக் கீழே சிவந்திருப்பதைப் பெரியம்மா கண்டார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் எடுத்தது. நான்கு மாதமும் அக்கா குப்புறப் படுத்துத்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் கனடாவில் இருக்கும் சின்னக்கா வான் வாங்கக் காசு அனுப்பினார். தம்பி ஒரு பழைய ஹையேஸ் வானை வாங்கினான். பக்கத்து ஊரில் ஒரு கராச்சில் இந்தத் தகட்டையும் செய்வித்தான். இரண்டுமே பிழைத்துப்போயின. ஏன் பிழைத்தன என்று கண்டுபிடிக்கப் போனதில்தான் நான் இந்த விடயத்துக்குள் இறங்கினேன். இதே பிழையை வேறு இரண்டு மூன்று வீடுகளிலும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

அந்த வானைக் கொண்டுவந்த அன்று நடந்தது இதுதான். தம்பியும் பக்கத்து வீட்டுப் பெடியனும் பின்னால் தள்ள, பெரியம்மா முன்னால் நின்று கால்களைப் பிடிக்க, அக்கா தகட்டில் ஏறினார். முக்கால்வாசி தூரத்தில் நாற்காலி நின்றுவிட்டது. இன்னும் ஒரு தள்ளுத் தள்ளியதும் பின்கதவின் மேல் விளிம்பு அக்காவின் நெற்றியில் இடித்தது. குனியச் சொன்னார்கள். சாய்வில் நிற்கும்போது குனிந்தால் இடுப்பில் பிடிமானம் இல்லாத ஒருவர் முன்னுக்கு விழுந்துவிடுவார். அன்றைக்கு அவரைத் திரும்ப இறக்கினார்கள். ஏற்றியதை விட இறக்கியது பயங்கரம் என்று பெரியம்மா இன்றும் சொல்வார்.

நான் போன அன்று கையில் கொண்டுபோனது தையற்காரரின் அளவு நாடாவும் ஒரு கொப்பியும்தான். வானை அளக்கவில்லை. முதலில் அக்காவை அளந்தோம், வழமையாக இருக்கும் நாற்காலியில், வழமையான குஷனோடு, வழமையாக இருக்கும் மாதிரியே. நிலத்திலிருந்து உச்சந்தலை வரை 130 சென்ரிமீற்றர். நாற்காலியின் அகலம், கையால் உருட்டும் வளையங்களின் வெளி ஓரத்திலிருந்து மற்ற வளையத்தின் வெளி ஓரம் வரை, 62. கால் வைக்கும் தட்டின் நுனியிலிருந்து பின்சில்லின் பின் விளிம்பு வரை 104. பெருவிரல் தட்டைத் தாண்டி வெளியே நிற்குமானால் பெருவிரலில் இருந்து அளக்க வேண்டும். உணர்வில்லாத விரல் கதவில் நசுங்கினாலும் ஆளுக்குத் தெரியாது. கடைசியாக நிறை: அக்கா 54 கிலோ, நாற்காலி 18, மொத்தம் 72.

இந்த நான்கு எண்களும் கையில் இல்லாமல் வான் பார்க்கப் போகக்கூடாது. எந்த வான் நல்லது என்று யாரிடம் கேட்டாலும் தங்களிடம் உள்ள வானைத்தான் சொல்வார்கள்.

பிறகு தம்பியின் வானை அளந்தோம். அது சாதாரண கூரை உள்ள ஹையேஸ். பின்கதவைத் திறந்தால் தளத்திலிருந்து மேல் விளிம்பு வரை 126. உள்ளே கூரை அதை விட உயரம். தம்பி வாங்கும்போது உள்ளே ஏறி நின்று பார்த்து "காணும்" என்று நினைத்திருக்கிறான். வானுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. தலை வாசலைத் தாண்ட வேண்டும், அதனால் கதவின் திறப்புத்தான் முதற்கேள்வி. 126 க்குள் 130 போகாது. பக்கக் கதவு இன்னும் மோசம், பெரும்பாலான வான்களில் அது பின்கதவை விடப் பதிவு. ஹைரூஃப் வான்களில்கூடக் கூரை உயர்ந்திருக்குமே தவிர, பக்கக் கதவு கூரையோடு சேர்ந்து உயராது.

கராச்சில் இதைச் சொன்னபோது அங்கிருந்தவர் சுலபமான வழி ஒன்று சொன்னார்: "அந்த மெத்தையை எடுத்துவிட்டால் ரெண்டு மூண்டு இஞ்சி குறையும் தானே?" நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்தக் குஷன்தான் அக்காவின் தோலைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது. அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஏ9 வீதியில் குலுங்கிப் போகும்போது அது இல்லாவிட்டால், ஓட்டோவை விட்டு வானுக்கு மாறியதில் ஒரு பிரயோசனமும் இல்லை. தலை உயரத்தை எப்போதும் குஷனோடு அளக்க வேண்டும். அதற்கு மேல் ஐந்து சென்ரிமீற்றராவது மிச்சம் வேண்டும், வான் பள்ளத்தில் விழும்போது ஆள் மேலே எழும்புவார். அப்படியானால் அக்காவுக்குத் தேவை 135 திறப்பு. எங்கள் தேடலில் இருந்த வான்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு எண்ணிலேயே கழிந்துபோயின.

இனித் தகடு. வானின் பின்தளம் நிலத்திலிருந்து 62 சென்ரிமீற்றர் உயரம். தகடு 210 நீளம். ஒரு சாய்தளத்தில் ஒருவரைத் தள்ள எவ்வளவு பலம் வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க அக்காவின் ஓ.எல். மாணவர்களே போதும்: உயரத்தை நீளத்தால் பிரித்து நிறையால் பெருக்க வேண்டும். 62 ஐ 210 ஆல் பிரித்தால் 0.295. அதை 72 ஆல் பெருக்கினால் 21 கிலோ. அதாவது பெரியம்மா தன் 63 வயதில், ஆறு இஞ்சி அகலக் கால்வைப்பில் சரிவிலே ஏறிக்கொண்டே, 21 கிலோவை ஒரு விநாடியும் விடாமல் முன்னுக்குத் தள்ள வேண்டும். விட்டால் அதே 21 கிலோ அவரைத் திருப்பித் தள்ளும். மழை பெய்து தகடு நனைந்திருந்தால் காலே நிற்காது. சில்லின் உராய்வை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தகட்டை நீளமாக்கினால் பலம் குறையும் என்பது உண்மை. கட்டடங்களின் சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்வது 1:12, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அந்த முறையில் இந்த வானுக்கு ஏழரை மீற்றர் தகடு வேண்டும், வானை விட நீளம். வாகனங்களில் ஒருவர் பின்னால் நின்று தள்ளுவார் என்பதால் 1:6 வரை சமாளிக்கலாம். அப்படி எடுத்தாலும் மூன்றே முக்கால் மீற்றர். வைத்தியசாலை வாசலில் வானுக்குப் பின்னால் அவ்வளவு இடம் யார் விட்டுத் தரப்போகிறார்கள்? அலுமினியத்தில் மடிக்கும் ராம்ப் வாங்கலாம் என்று சின்னக்கா கனடாவிலிருந்து படம் அனுப்பினார். தூக்குவதற்கு அது லேசு. சாய்வு மட்டும் அதே சாய்வுதான்.

ஆக, சாதாரண வானுக்குத் தனியே ஒரு ராம்ப் செய்து போடுவது என்பது கேட்க மலிவான யோசனை, பெரும்பாலும் காசை வேலியில் சாத்தி வைப்பதில்தான் முடியும். மிஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று, தளத்தைக் கீழே கொண்டுவருவது. மற்றது, ஆளை மேலே கொண்டுபோவது.

தளத்தைக் கீழே கொண்டுவருவது என்றவுடன் நம்மூர் கராச்சுகளில் தளத்தை வெட்டலாம் என்பார்கள். வெட்ட விடாதீர்கள். வானின் பின்தளத்துக்குக் கீழே எண்ணெய்த் தாங்கி, புகைக்குழாய், பின் அச்சு, ஸ்பிரிங் பட்டைகள், குறுக்குச் சட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. தளமும் அந்தச் சட்டங்களும் சேர்ந்துதான் வண்டியின் பலம். வெட்டி ஒட்டிய வான் பார்வைக்கு நன்றாக இருக்கும். சில மாதங்களில் பின்கதவு சரியாகப் பூட்ட மறுக்கும். உடல் வளையத் தொடங்கிவிட்டது என்பதன் முதல் அடையாளம் அதுதான்.

தொழிற்சாலையிலேயே இதைச் செய்து விற்பவர்கள் ஜப்பானியர்கள். முதியவர்களும் இயலாமை உள்ளவர்களும் பயணிப்பதற்கென்றே அங்கு வாகனங்கள் தயாராகின்றன. பொதுப்பெயர் ‘ஃபுகுஷி ஷாரியோ’, நலன்புரி வாகனம் என்று பொருள். டொயோட்டா இவற்றை ‘வெல்கேப்’ என்ற பெயரில் விற்கிறது. டைஹட்சுவின் சாய்தள வாகனங்களுக்கு ‘ஸ்லோப்பர்’ என்று பெயர். சுசுகி இவற்றை ‘வித்’ என்ற வரிசையில் செய்கிறது. நம் வீதிகளில் நிறைய ஓடும் எவ்ரி வானுக்கும் அப்படி ஒரு வகை உண்டு. பின்பகுதித் தளம் பதித்துச் செய்யப்பட்டிருக்கும். பின்கதவைத் திறந்தால் மடித்து நிறுத்திய சாய்தளம் ஒன்று இருக்கும், அதை ஒரு கையால் இழுத்து விரிக்கலாம். முன்னால் தளத்தில் ஒரு சிறிய மின் விஞ்ச். அதிலிருந்து வரும் இரண்டு பட்டிகளை நாற்காலிச் சட்டத்தில் கொழுவிவிட்டு ரிமோட்டை அழுத்தினால் நாற்காலி மெல்ல உள்ளே போகும். பின்னால் நிற்பவர் திசை மட்டும் பிடித்தால் போதும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. புதிதாக இறக்குவது வரிகளோடு சேர்ந்து எங்கள் கைக்கு எட்டாத விலை. ஆகவே நாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பவற்றைத் தேடினோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வாகனங்களை இங்கே வாங்கிய சிலருக்கு அது எதற்குச் செய்த வாகனம் என்றே தெரியாது. குருநாகலில் பார்த்த முதல் எவ்ரியில் சாய்தளத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள். விஞ்ச் இருந்த இடத்தில் ஸ்பீக்கர் பெட்டி. "அந்தச் சாமான் இடத்தை அடைச்சுக்கொண்டு நிண்டது" என்றார் உரிமையாளர். வானை அல்லாமல் அந்தச் சாமானைத் தேடித்தான் நாங்கள் அவ்வளவு தூரம் போயிருந்தோம்.

இரண்டாவதாகப் பார்த்ததில் எல்லாம் இருந்தது. மறுபடி நாடா. பின்கதவுத் திறப்பு 135, அக்காவுக்குச் சரியாக வேண்டியது. சாய்தள அகலம் 72, நாற்காலி 62. இரண்டு பக்கமும் ஐந்தைந்து சென்ரிமீற்றர், ஆனால் இரண்டு பக்கமும் விரல்களை உள்ளே எடுக்கச் சொல்ல வேண்டும். நாற்காலி நிற்கும் தளத்தின் நீளம் 118, தேவை 104. தளத்தின் விளிம்பு நிலத்திலிருந்து 36, சாய்தளம் 140. முன்னைய கணக்கில் போட்டால் 18.5 கிலோ வருகிறது. பாருங்கள், இது ஒன்றும் மென்மையான சாய்வு இல்லை. விஞ்ச் இருப்பதால்தான் இது வேலை செய்கிறது. அதனால் இவ்வகை வானை வாங்கும்போது எஞ்சினுக்குச் சமமாக விஞ்சையும் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? வெறும் நாற்காலியை இழுத்துக் காட்டினால் நம்ப வேண்டாம். நாற்காலியில் ஒரு மூட்டை அரிசியையும் மேலே இன்னும் கொஞ்சத்தையும் வைத்து இழுக்கச் சொல்லுங்கள். பாதிச் சாய்வில் நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருங்கள். நாற்காலி பின்னால் வழுகக்கூடாது. இரண்டு பட்டிகளும் ஒரே வேகத்தில் சுருள வேண்டும், ஒன்று முந்தினால் நாற்காலி கோணலாகி ஓரத்தில் முட்டும். பட்டிகளை முழுவதும் வெளியே இழுத்து ஓரங்களைத் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். வயரோடு வரும் ரிமோட் தொலைந்திருந்தால் விலையை நிறையக் குறைத்துக் கேளுங்கள். பிறகு வானுக்குக் கீழே படுத்துப் பதித்த தளத்தின் அடியைப் பாருங்கள். அது நிலத்துக்கு நெருக்கமாக இருப்பதால் கல்லில் அடிபட்ட தடமும் கறலும் முதலில் வருவது அங்கேதான். எங்கள் ஒழுங்கை மாதிரிக் கிரவல் வீதிக்கு இது இந்த வானின் உண்மையான குறை. நடுவில் மேடாக இருக்கும் இடங்களைத் தம்பி இப்போது ஓரமாக எடுத்துப் போகிறான்.

இன்னொரு குறை, ஆட்கள் போகும் இடம். அக்கா பின்னால் ஏறியதும் பின் ஆசனங்கள் மடிந்துவிடும். சாரதி, முன்னால் ஒருவர், அக்கா, அவ்வளவுதான். குடும்பமாகக் கோயிலுக்குப் போக நினைத்து வாங்குபவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி லிப்ட். அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வேறு வழியே இல்லை. கழுத்துப் பகுதியில் காயப்பட்ட மகன். மின்சார நாற்காலி மட்டும் 95 கிலோ, அவர் 70, மொத்தம் 165. அந்த எவ்ரியின் சாய்வில் இவரை ஏற்ற 42 கிலோ பலம் வேண்டும். அந்தச் சிறிய விஞ்சை அதற்குக் கேட்பது நியாயமில்லை. தலை உயரமும் 141. அவர்கள் எடுத்தது ஹைரூஃப் ஹையேஸ், பின்கதவில் லிப்ட் பூட்டியது. ஒரு மேடை நிலத்துக்கு இறங்கும், ஆள் ஏறியதும் தளம் வரை உயரும். தள உயரம் எவ்வளவு என்ற கவலையே இல்லை.

வேறு கவலைகள் உண்டு. லிப்ட் வானின் பற்றறியில்தான் ஓடுகிறது. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வானில் பற்றறி இறங்கிப்போய், மேடை நடுவழியில் நின்றால் ஆள் அந்தரத்தில். ஆகவே கையால் பம்ப் அடித்து இறக்கும் பிடி இருக்கிறதா என்று பார்த்து, அதை வீட்டில் குறைந்தது இரண்டு பேர் பழகியிருக்க வேண்டும். வாங்கும்போது அனுமதிக்கப்பட்ட நிறையைத் தகட்டில் வாசித்து, அந்த நிறையை ஏற்றி, பாதி உயரத்தில் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். மேடை தானாகக் கீழே இறங்கினாலோ, சிலிண்டர் அடியில் எண்ணெய் ஈரம் தெரிந்தாலோ சீல் போய்விட்டது. மேடையின் வெளி ஓரத்தில் ஒரு தடுப்பு மடல் இருக்கும், உயரத் தொடங்கியதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அது வளைந்துபோய் நிமிராத லிப்ட்டில் ஆளை ஏற்றவே கூடாது. வானுக்குப் பின்னால் கிட்டத்தட்ட மூன்று மீற்றர் வெற்றிடமும் வேண்டும், மேடை இறங்குவதற்கும் நாற்காலி திரும்பி ஏறுவதற்கும். அந்தக் குடும்பத்தினர் பின்கண்ணாடியில் அதைச் சொல்லி ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். இருந்தும் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று அந்த அம்மா சொன்னார்.

லிப்ட்டைப் பிறகு பூட்டுவதென்றால் அது தளத்தகட்டில் நிற்கக்கூடாது, அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களில் பிடிக்க வேண்டும். இப்படியான மாற்றங்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியையும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்ததையும் கையில் வைத்திருங்கள். விபத்து நடந்த பிறகு இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சிலருக்கு இந்த இரண்டுமே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பலம் நன்றாக இருந்து, தோலில் பிரச்சினை இல்லாதவர்கள், நாற்காலியிலிருந்து கார் ஆசனத்துக்கு ஒரு வழுக்குப் பலகையின் மேல் நகர்ந்து மாறலாம். அதற்குக் கார் ஆசனம் நாற்காலி ஆசனத்தின் உயரத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பதிந்த கார்களில் இறங்குவது சுலபம், திரும்ப ஏறுவது மலை. வகன் ஆர் போன்ற உயர்ந்த ஆசனமும் நிமிர்ந்த வாசலும் உள்ள கார்கள் இதற்கு வசதி. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், நாற்காலி ஆசனத்தோடு ஒட்டி நிற்க இடம் வேண்டும். கார் ஆசனத்தில், அதன் சொந்தப் பட்டியோடு போவதுதான் பாதுகாப்பிலும் சிறந்தது. அக்காவும் தம்பியின் நண்பனின் காரில் முயன்று பார்த்தார். ஒருமுறை மாறுவது சரி. கிளினிக், பாமசி, சந்தை என்று ஒரே நாளில் ஆறு முறை மாறும்போது பழைய புண் இருந்த இடம் மறுபடி சிவந்தது. அவருக்கு நாற்காலியோடே போவதுதான் வழி என்று அப்போது முடிவானது.

அப்படிப் போவதென்றால் கடைசி வேலை ஒன்று இருக்கிறது. ஏற்றுவதோடு முடிந்தது என்று எல்லோரும் விட்டுவிடும் வேலை.

நான் பார்த்த வான்களில் சக்கர நாற்காலியை நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள், அல்லது பிரேக்கைப் போட்டுவிட்டு ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நாற்காலியின் பிரேக், ரயரை அழுத்தும் ஒரு சின்னக் கம்பி மட்டுமே. வாகனத்தில் பயன்படுத்தக்கூடிய சக்கர நாற்காலிகளைச் சோதிக்கும் சர்வதேச முறையில், மணிக்கு 48 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் மோதுவதாக வைத்து, நிறையின் 20 மடங்கு விசையைக் கொடுக்கிறார்கள். அக்காவும் நாற்காலியுமாக 72 கிலோ. இருபது மடங்கு 1,440 கிலோ. பிடித்துக்கொள்ளும் பெரியம்மாவின் கையையும் நைலோன் கயிற்றையும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாற்காலி வண்டி போகும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஒருபோதும் கூடாது. நான்கு பட்டிகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றும் தளத்தில் சட்டத்தோடு பூட்டிய கொழுக்கியிலிருந்து வந்து நாற்காலியின் பற்றுவைத்த சட்டத்தில், குழாய்கள் சேரும் மூலையில் பிடிக்க வேண்டும். கழற்றக்கூடிய கால் தட்டிலோ கைப்பிடியிலோ சில்லுக் கம்பியிலோ கொழுவினால் முதல் இழுவையில் அது மட்டும் கழன்று வரும். அக்காவின் வானில் விஞ்ச் பட்டிகளே முன் பட்டிகளாகவும் நிற்கின்றன, பின்னால் இரண்டைத் தனியே இறுக்க வேண்டும். இறுக்கிய பின் கைப்பிடியைப் பிடித்துப் பலமாக உலுப்புங்கள். நாற்காலி ஒரு விரல் அகலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி இறுக்க வேண்டும்.

இவை நாற்காலிக்கான பட்டிகள். ஆளுக்கு வேறு பட்டி வேண்டும். நாற்காலியில் வரும் இடுப்புப் பட்டி ஆளை நிமிர்த்தி இருத்துவதற்குத்தான், விபத்துக்கு அல்ல. ஆளுக்கான மூன்று புள்ளிப் பட்டி வானின் தளத்திலும் பக்கச் சுவரிலும் பிடித்திருக்க வேண்டும். அது கைதாங்கிக்கு மேலாகப் போனால் உடலுக்கும் பட்டிக்கும் இடையே வெளி விழும். கைதாங்கிக்கு உள்ளால் விட்டு, இடுப்பு எலும்பின் மேல் படிய வைக்க வேண்டும், வயிற்றில் அல்ல. இதைச் சரியாகப் போட எங்களுக்கு முதல் நாள் இருபது நிமிடம் எடுத்தது. இப்போது பெரியம்மா நான்கு நிமிடத்தில் முடிக்கிறார்.

அக்காவின் நாற்காலி வைத்தியசாலையில் கொடுக்கும் சாதாரண மடிப்பு வகை. அப்படி ஒரு சோதனைக்கு அது போனதில்லை. முதுகுத் துணிக்கு மேல் தலையணையும் கிடையாது. பட்டிகள் இதை முழுவதும் ஈடுசெய்யாது என்பதைத் தம்பியிடம் சொல்லித்தான் வானைக் கொடுத்தோம். அவன் ஏ9 இல் 50 ஐத் தாண்டுவதில்லை. பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹோர்ண் அடித்துக்கொண்டுதான் முந்துகிறார்கள்.

முதல் பயணம் கிளினிக்குக்குத்தான். நானும் முன்னால் இருந்தேன். ஆனையிறவு தாண்டும்போது அக்கா பின்னாலிருந்து, "தம்பி, எனக்கு ரோட்டு ஓரம் மட்டும்தான் தெரியுது. கடலைக் காணேல்லை" என்றார். எங்கள் கொப்பியில் தலை உயரம் இருந்தது, கண் உயரம் இல்லை. நாற்காலியில் இருப்பவர் வான் ஆசனத்தில் இருப்பவரை விட உயரமாக இருப்பதால், கண்ணாடியின் மேல் விளிம்பு அவருடைய கண்ணுக்கு நேரே வந்துவிடுகிறது. வாங்கப் போகிறவர்கள் அதையும் அளந்துகொள்ளுங்கள். கார்த்திகை மழையில் இன்னொன்று தெரிந்தது: ஒழுங்கையின் மணலில் சாய்தளத்தின் நுனி புதைந்து, சாய்வு திடீரென்று கூடிவிடுகிறது. வேலியில் சாத்தியிருந்த தகட்டில் இரண்டடியை வெட்டி எடுத்து நுனிக்குக் கீழே போடலாம் என்று தம்பி யோசித்திருக்கிறான். கோழிகளுக்கு மிச்சம் ஐந்தடி காணுமாம்.